சான்றிதழ் தொலைந்தால்: புகாரிலும் பிரமாணப் பத்திரத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நோட்டரி வழக்கறிஞரின் அலுவலகத்தில் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுப்பது என் வேலை. மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ், ஓட்டுநர் உரிமம் என்று எதையாவது தொலைத்துவிட்டு வருகிறவர்கள் இல்லாத வாரம் கிடையாது. புகைப்படம் ஒட்ட மறந்தது, ஒரு பக்கத்தில் கையெழுத்து விட்டுப்போனது போன்றவற்றை நின்ற இடத்திலேயே சரிசெய்துவிடலாம். அவற்றை இங்கே எழுதவில்லை. விண்ணப்பம் கொடுத்துப் பல வாரம் கழித்து, கோப்பு திரும்பி வரும்போது மட்டும் தெரியவரும் தவறுகள்தான் ஆளை வீழ்த்துகின்றன. தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து அவற்றைச் சொல்கிறேன்.

தொலைந்ததற்கு எஃப்.ஐ.ஆர். கேட்டு நிற்பது

பொருள் தொலைவது குற்றம் அல்ல. குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால்தான் முதல் தகவல் அறிக்கை பதிவார்கள். ஆகவே தொலைந்த சான்றிதழுக்கு எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் காவலர் உங்களை அலைக்கழிக்கிறார் என்று அர்த்தமில்லை. உங்களுக்குக் கிடைக்க வேண்டியது வேறு காகிதம். ஒன்று, நிலையத்தில் மனு கொடுத்து வாங்கும் சி.எஸ்.ஆர். ரசீது. இன்னொன்று, தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்தில் நீங்களே பதிவு செய்து இறக்கிக்கொள்ளும் 'தொலைந்த ஆவண அறிக்கை'. பலரும் இதை எல்.டி.ஆர். என்பார்கள்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முக்கியம். இணைய அறிக்கை நீங்கள் சொன்னதைப் பதிவு செய்துகொண்டதற்கான அத்தாட்சி மட்டுமே. யாரும் விசாரித்து உறுதிசெய்தது அல்ல. சில அலுவலகங்களுக்கு அது போதும். வேறு சில இடங்களில், குறிப்பாகப் பல்கலைக்கழகங்களில், 'தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை' என்று ஆய்வாளர் கையெழுத்திட்டுத் தரும் சான்றைக் கேட்பார்கள். 'நான்-டிரேசபிள் சர்டிபிகேட்' என்று பேச்சில் சொல்வது இதைத்தான். அதற்கு நிலையத்தில் மனு கொடுத்து, அவர்கள் விசாரிக்கும் காலத்தையும் பொறுத்திருக்க வேண்டும். எது வேண்டும் என்பதை நகல் தரப்போகும் அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். அப்புறம் காவல் நிலையம் போங்கள்.

எஃப்.ஐ.ஆர். கிடைக்கட்டும் என்பதற்காக 'திருடு போனது' என்று எழுதச் சொல்லிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். உண்மையிலேயே திருடு போயிருந்தால் அப்படித்தான் எழுத வேண்டும். இல்லையென்றால், நடக்காத குற்றத்தைப் பற்றிப் பொய்ப் புகார் கொடுத்தவர் ஆகிவிடுவீர்கள்.

'கல்விச் சான்றிதழ்கள்' என்று ஒரே சொல்லில் எழுதிவிடுவது

எத்தனை பேருக்குச் சொன்னாலும் அடுத்து வருபவர் இதையே செய்துகொண்டு வரும்போது எனக்கு இன்றும் ஆத்திரமாக வருகிறது. ஏனென்றால் இதைத் தவிர்க்க அரை மணி நேர வேலைதான். செய்யாமல் விட்டால் மாதக்கணக்கில் இழுக்கும்.

ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். பேருந்துப் பயணத்தில் அவருடைய பை தொலைந்துவிட்டது. உள்ளே பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், பள்ளி மாற்றுச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ், ஓட்டுநர் உரிமம் என ஐந்து ஆவணங்கள் இருந்தன. பதற்றத்தில் அன்றே புகார் பதிவு செய்தார். அதில் இருந்த வரி இதுதான்: 'எனது அசல் கல்விச் சான்றிதழ்கள் அடங்கிய பை தொலைந்துவிட்டது.' எண் கேட்ட இடத்தில் ஆதார் எண்ணை எழுதியிருந்தார். அதே வரியை வைத்துப் பிரமாணப் பத்திரமும் வேறோர் இடத்தில் தயாரானது.

ஒவ்வொரு அலுவலகமும் அந்தப் புகாரில் தேடுவது தன்னுடைய ஆவணத்தை மட்டும்தான். பல்கலைக்கழகத்துக்குப் பட்டச் சான்றிதழின் பெயரும் பதிவெண்ணும் அதில் இருக்க வேண்டும். 'கல்விச் சான்றிதழ்கள்' என்றால் பட்டமும் அடங்கும்தானே என்று அவர் வாதாடிப் பார்த்தார், கோப்பு திரும்பிவிட்டது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நிலைமை இன்னும் மோசம். ஓட்டுநர் உரிமம் கல்விச் சான்றிதழே அல்ல. ஆக, அது தொலைந்ததாக அவர் யாரிடமும் சொல்லவே இல்லை என்று ஆகிவிட்டது.

இரண்டாவது புகார் கொடுக்கப் போனால் அங்கே அடுத்த சிக்கல். ஒரே பையில் தொலைந்த பொருளுக்கு, வேறு தேதியில், வேறு பட்டியலோடு இன்னொரு புகார் ஏன் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. இரண்டு புகார்களையும் இணைத்து விளக்கம் எழுதி, புதிய பிரமாணப் பத்திரம் தயாரித்து முடிப்பதற்குள், வேலையில் சேர அசல் சான்றிதழ் காட்ட வேண்டிய கெடு தாண்டிவிட்டது. அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை.

அலுவலகங்கள் இப்படிக் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. நகல் கொடுத்த பிறகு அசலும் வெளியே இருந்தால், ஒரே சான்றிதழ் இரண்டு கைகளில் புழங்கும். எந்த எண்ணுள்ள காகிதம் தொலைந்தது என்பது பதிவாகியிருந்தால்தான் அதைச் செல்லாததாகக் கருத முடியும்.

ஆகவே புகார் எழுதும் முன் ஒரு தாளில் பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு ஆவணத்துக்கும் பெயர், வழங்கிய அமைப்பு, தேர்வு எழுதிய மாதமும் ஆண்டும், பதிவெண், சான்றிதழ் வரிசை எண் ஆகிய ஐந்தில் அந்த ஆவணத்துக்குப் பொருந்துபவை எல்லாம் வேண்டும். பதிவெண் வேறு, வரிசை எண் வேறு. முன்னது தேர்வருக்கு உரியது. பின்னது அந்தக் காகிதத்துக்கு உரியது. அந்தப் பெண்ணின் புகாரில் ஒரு வரி இப்படி இருந்திருக்க வேண்டும்:

'மேல்நிலை இரண்டாம் ஆண்டு மதிப்பெண் சான்றிதழ் (அசல்), அரசுத் தேர்வுகள் இயக்ககம் வழங்கியது, மார்ச் ____ தேர்வு, பதிவெண் ____, சான்றிதழ் வரிசை எண் ____.'

இதே மாதிரி ஐந்து ஆவணங்களுக்கும் ஐந்து வரிகள். பதிவுப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் இடம் போதாவிட்டால் ஆவணத்துக்கு ஒன்றாகத் தனித்தனி அறிக்கை, ஆனால் அனைத்தும் ஒரே நாளில்.

சான்றிதழே தொலைந்துவிட்டது, எண்ணுக்கு எங்கே போவது? கல்லூரிச் சேர்க்கையின்போது கொடுத்த நகல், வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு, பழைய நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு, செல்பேசியில் எப்போதோ எடுத்த படம், மின்னஞ்சலில் அனுப்பிய விண்ணப்பம் ஆகியவற்றைத் தேடுங்கள். அண்மை ஆண்டுகளில் படித்தவர்களுக்கு டிஜிலாக்கரிலேயே மதிப்பெண் பட்டியல் இருக்கலாம். எங்குமே இல்லையென்றால் படித்த பள்ளிக்குப் போய்ப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். மதிப்பெண் பட்டியலின் இரண்டாம்படிக்கான விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாகப் போவது வழக்கம் என்பதால், பெரும்பாலும் அங்கே ஒரு நடை உண்டு. அந்த நடையை முதலிலேயே நடந்துவிடுங்கள். இந்த விண்ணப்பத்துக்கு வட்டாட்சியரின் சான்றும் கேட்பதுண்டு; அதையும் அப்போதே விசாரித்துக்கொள்ளலாம்.

பெயரையும் கவனியுங்கள். மதிப்பெண் பட்டியலில் தலைப்பெழுத்து ஒன்றுதான் இருக்கும். ஆதாரில் தந்தையின் பெயர் முழுதாக வந்திருக்கும். புகாரில் சான்றிதழில் உள்ளபடியே எழுதி, 'இரு பெயர்களும் என்னையே குறிக்கும்' என்ற வரியைப் பிரமாணப் பத்திரத்தில் சேர்த்துவிட வேண்டும்.

தொலைந்த இடத்தை ஊகித்து எழுதுவது

எங்கே விழுந்தது என்று தெரியாதவர்கள், ஏதாவது ஓர் இடத்தைச் சொல்ல வேண்டுமே என்று வீட்டுக்குப் பக்கத்துத் தெருவின் பெயரை எழுதிவிடுகிறார்கள். பிறகு பிரமாணப் பத்திரம் எழுதும்போது என்னிடம் உண்மையைச் சொல்கிறார்கள்: 'பஸ்லதான் போயிருக்கும்னு நினைக்கிறேன்.' புகார் ஒரு இடத்தைச் சொல்ல, பத்திரம் இன்னொன்றைச் சொன்னால் இரண்டுமே பயனில்லை. தெரியாததைத் தெரியாது என்றே எழுதலாம். கடைசியாக எப்போது, எங்கே பார்த்தீர்கள். இல்லை என்று எப்போது, எங்கே கவனித்தீர்கள். இடையில் எந்த வழியாகப் போனீர்கள். இந்த மூன்றும் போதும். நாளிதழ் விளம்பரம் கேட்டால் அதிலும் இதே தேதி, இதே வாசகம்தான் வர வேண்டும்.

பிரமாணப் பத்திரத்தை முதலில் முடித்துவிடுவது

புகார் எண்ணும் தேதியும் பத்திரத்துக்குள் வர வேண்டும். அதனால் புகார் முதலில், விளம்பரம் கேட்டால் அது அடுத்து, பத்திரம் கடைசியில். முத்திரைத்தாள் உங்கள் பெயரில் வாங்கப்பட்டிருக்க வேண்டும். வாங்கிய தேதி கையெழுத்திடும் தேதிக்குப் பிந்தியதாக இருக்கக் கூடாது. நோட்டரியின் முன்னால்தான் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டிலேயே போட்டுக்கொண்டு வந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். பாஸ்போர்ட் போன்றவற்றுக்கு அந்தந்தத் துறையே வாசகம் வகுத்து வைத்திருக்கிறது. அங்கே அதைத்தான் பயன்படுத்த வேண்டும். வகுத்த வாசகம் இல்லாத இடங்களில் நான் விடாமல் சேர்ப்பவை இவை:

'மேற்படி ஆவணங்களை நான் யாரிடமும் அடமானமாகவோ ஈடாகவோ ஒப்படைக்கவில்லை. தேடியும் அவை கிடைக்கவில்லை. பிற்காலத்தில் அசல் கிடைத்தால் உடனடியாக வழங்கிய அலுவலகத்தில் ஒப்படைப்பேன்.'

பிடித்து வைக்கப்பட்ட சான்றிதழைத் தொலைந்ததாகச் சொல்வது

பழைய நிறுவனம் சான்றிதழைத் தர மறுக்கிறது, கல்லூரி கட்டண பாக்கிக்காகப் பிடித்து வைத்திருக்கிறது, வட்டிக்குக் கொடுத்தவரிடம் இருக்கிறது. 'தொலைந்தது என்று எழுதி நகல் வாங்கிவிடலாமா?' என்று கேட்பவர்களிடம் மேலே சொன்ன அடமான வரியைத்தான் படித்துக் காட்டுவேன். அதன் கீழே கையெழுத்துப் போட்டால் சத்தியம் செய்து பொய் சொன்னதாகும். அசல் எவரிடம் இருக்கிறதோ அவரே அதற்குச் சாட்சி. கல்லூரிகள் மாணவர்களின் அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது. அதைக் காட்டி எழுத்து மூலம் கேளுங்கள்.

ஆதாருக்கும் பான் அட்டைக்கும் காவல் நிலையம் போவது

தேவையில்லை. எண் தெரிந்தால் இணையத்திலேயே மறு அச்சுக் கேட்கலாம்.

பிறப்புச் சான்றிதழுக்குப் பிரமாணப் பத்திரம்

இதுவும் வேண்டாம். பிறப்பைப் பதிவு செய்த அலுவலகத்திலேயே பதிவு இருக்கிறது. இன்னொரு பிரதி கேட்டால் தருவார்கள்.

அசல் ரசீதைக் கொடுத்துவிடுவது

சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றுதான், அலுவலகங்கள் பல. எல்லா இடத்திலும் நகலைக் கொடுத்து அசலைக் காட்டுங்கள். அசலே வேண்டும் என்று எவரேனும் கட்டாயப்படுத்தினால், ஒப்புகை வாங்காமல் தராதீர்கள்.

திரும்பக் கிடைத்த பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு கிளம்புவது

கூடாது. தொலைந்ததாகத் தெரிவித்து மாற்றுப் பாஸ்போர்ட் வாங்கியதும் பழையது ரத்தாகிவிடும். குடியேற்றச் சோதனையில் நிறுத்திவிடுவார்கள். அதைப் பாஸ்போர்ட் அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.