மாடு அரிசி மூட்டையில் வாய் வைத்துவிட்டால்: முதல் சில மணி நேரம் செய்ய வேண்டியது

ராத்திரி கயிறு அவிழ்ந்து, மாடு அரிசி மூட்டையைத் தின்றுவிட்டது. காலையில் பார்த்தால் நன்றாகத்தான் நிற்கிறது, அசைகூடப் போடுகிறது. "செரித்துவிடும்" என்று விட்டுவிடுகிறோம், அங்கேதான் மாட்டை இழக்கிறோம். அறிகுறிகள் பெரும்பாலும் அரை நாள் கழித்துத்தான் தெளிவாகத் தெரியும், அதற்குள் வயிற்றில் பாதி வேலை முடிந்திருக்கும்.

மாட்டின் பெருவயிற்றில் நார்த்தீவனத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. மாவுச்சத்து திடீரென்று கொட்டினால், அதைத் தின்று லாக்டிக் அமிலம் சுரக்கும் கிருமிகள் பெருகி மற்றவற்றை அழித்துவிடும். வயிறு புளிக்கப் புளிக்க உடம்பில் இருக்கும் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் வயிறு நிறைய நீர் இருந்தும் கண் குழிவிழுந்து மாடு வறண்டுபோகிறது. முழு தானியத்தைவிட அரைத்த மாவும், வெந்த சோறும் இன்னும் வேகமாகப் புளிக்கும்.

எங்கள் கறவை மாட்டுக்கு நடந்ததையே வரிசையாகச் சொல்கிறேன். எடை சுமார் 350 கிலோ, தானியம் அதிகம் தின்று பழக்கமில்லை. காலை 6 மணிக்குப் பார்த்தோம்.

முதல் வேலை, மிச்சமிருந்த மூட்டையை எடை போட்டோம். 12 கிலோ குறைந்தது. மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி எவ்வளவு, எப்போது என்பதுதான். பழகாத மாட்டுக்கு நாலைந்து கிலோவே ஆபத்து, அதனால் அறிகுறி எதுவும் இல்லாதபோதே கால்நடை மருத்துவரை அழைத்துவிட்டோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அடுத்து, தானியம், தவிடு, கஞ்சி எல்லாம் நிறுத்தம். காய்ந்த வைக்கோல் மட்டும் போடுங்கள், மென்று தின்னத் தின்ன உமிழ்நீர் சுரக்கும், அது அமிலத்தைக் கொஞ்சம் முறிக்கும். தொட்டித் தண்ணீரை ஒரேயடியாகக் குடிக்க விடாதீர்கள், ஊறிய தானியம் இன்னும் வேகமாகப் புளிக்கும். மருத்துவர் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும்.

அப்புறம் சமையல் சோடா. பெரிய மாட்டுக்கு 100 கிராம், இரண்டு மூன்று லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, போனிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு கொடுத்தோம். சலவை சோடாவை எடுத்துவிடாதீர்கள், அது வாயையும் தொண்டையையும் அரித்துவிடும். தலையை அண்ணாந்து பிடிக்காமல், வாயின் ஓரமாக வாய்க்கு வாய் நிறுத்தி ஊற்றுங்கள். இருமினால் உடனே நிறுத்திவிட்டுத் தலையைத் தாழவிடுங்கள், நுரையீரலுக்குள் போனால் அதுவே உயிரை வாங்கும். சோடா வாயுவைக் கிளப்பும் என்பதால், இடது விலா ஏற்கனவே பறை போல இறுகியிருந்தாலும், மாடு படுத்துவிட்டாலும், விழுங்கத் தடுமாறினாலும் எதுவும் ஊற்றக் கூடாது. கடலை எண்ணெய், வெல்லக் கரைசல் எல்லாம் வேண்டாம். வெல்லம் அந்தக் கிருமிகளுக்கு இன்னும் தீனி.

மாடு தள்ளாடாமல் நடந்தால் மட்டும், மணிக்கு ஒரு தடவை கொஞ்ச நேரம் மெதுவாக நடத்துங்கள்.

இனி கவனிக்க வேண்டியது. இடது பக்கம் கடைசி விலா எலும்புக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி இரண்டு நிமிடம் வையுங்கள். நல்ல வயிறு இரண்டு மூன்று தடவையாவது கையைத் தள்ளும். எங்கள் மாட்டுக்குக் காலையில் தள்ளியது, மதியம் ஒரு தடவைகூடத் தள்ளவில்லை. அழுத்தி விட்டால் தண்ணீர்ப் பானை போலச் சளசளவென்று கேட்டது. சாணம் சாம்பல் நிறத்தில், நுரைத்து, புளித்த மாவு வாடையோடு, அரிசி முழுசாகத் தெரிய வந்தது. நடையில் லேசான தள்ளாட்டம். இதற்குமேல் வீட்டு வைத்தியம் எதுவும் நிற்காது. மருத்துவர் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினார். தேவைப்பட்டால் குழாய் விட்டு வயிற்றைக் கழுவுவார்கள், சில மாடுகளுக்கு வயிற்றைத் திறந்து தானியத்தை அள்ள வேண்டியும் வரும்.

கன்று போட்டுச் சில நாளே ஆன மாடு படுத்தால் சுண்ணாம்புச்சத்துக் குறைவோ என்று தோன்றும். அந்த நேரத்தில் மூட்டை விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள், சிகிச்சையே மாறிவிடும்.

இரண்டாம் நாள் எங்கள் மாடு வைக்கோலைக் கடித்தது. ஆனாலும் நாங்கள் விடவில்லை, ஏனென்றால் புண்பட்ட வயிற்றுச் சுவரில் தொற்று ஏறி மூன்றாம் நான்காம் நாள் மறுபடி விழும் மாடுகள் உண்டு. குளம்பையும் தினமும் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்து, முன்னங்காலை மாற்றி மாற்றி வைத்தால் குளம்பு வீக்கம் தொடங்குகிறது, உடனே சொல்ல வேண்டும். தானியத்தை அசை நன்றாகத் திரும்பிய பிறகு ஒரு கைப்பிடியில் தொடங்கி, இரண்டு வாரத்தில் பழைய அளவுக்குக் கொண்டுவந்தோம்.