தமிழ் படிக்கச் சொல்லித்தர எந்த எழுத்தை முதலில் எடுப்பது? பாட வரிசை அமைக்கும் முறை

வெளிநாட்டில் வார இறுதித் தமிழ் வகுப்பு தொடங்குபவர்கள் பெரும்பாலும் அ, ஆ, இ, ஈ என்றுதான் தொடங்குகிறார்கள். வாரம் ஓர் எழுத்து என்று போனால் மூன்று மாதம் ஓடிவிடும். அதற்குள் குழந்தை தானாக வாசிக்கக்கூடிய சொல் ஆ, ஈ போல இரண்டு மூன்றுதான். நெடுங்கணக்கு அகராதி பார்ப்பதற்கு நல்ல வரிசை. வாயால் ஒப்பிக்கவும் நல்லது, அதை நிறுத்த வேண்டாம். ஆனால் வாசிப்புக்கு வேறு வரிசை வேண்டும். நேற்றுப் படித்ததை வைத்தே இன்றைய பாடத்தை வாசிக்க முடிய வேண்டும்.

இது வீட்டில் தமிழ் பேசும், ஆனால் எழுத்துத் தெரியாத குழந்தைகளுக்கான முறை. தமிழே பேசாத குழந்தைகளுக்கு இந்த வரிசை பாதிதான் உதவும். காரணம் பின்னால் வருகிறது.

1. கடைசிப் பாடத்தை முதலில் எழுதுங்கள்

முதல் கட்ட முடிவில் குழந்தை எதை வாசிக்க வேண்டும்? ஒரே ஒரு வாக்கியத்தை வைத்துக்கொள்வோம்: "கோழி முட்டை போட்டது." இதைப் பிரித்து, ஒரு சீட்டில் ஒன்று என்று எழுதுங்கள். க, ழ, ம, ட, ப, த என ஆறு எழுத்துகள். புள்ளி ஒன்று. கோ, போ இரண்டிலும் வரும் ஓகாரக் குறி, ழி-யில் வரும் இகரக் குறி, டை-யில் வரும் ஐகாரக் குறி. அப்புறம் மு, து.

மு, து இரண்டும் உகரம்தானே, ஒரு சீட்டு போதாதா என்று தோன்றும். போதாது. டு, மு, ரு, ழு, ளு ஒரு மாதிரி வளையும், து, நு, லு, னு வேறு மாதிரி, பு, சு, யு, வு-வில் கீழே ஒரு கோடு இறங்கும், கு தனி. படிப்பவர் கண்ணுக்கு இவை வேறு வேறு வடிவங்கள். ஆகவே இரண்டு சீட்டு. பாடத்திட்டத்தில் ஒரே வரியாகத் தெரியும் தலைப்புக்குள் இப்படிப் பல பாடங்கள் ஒளிந்திருக்கும்.

2. ஒவ்வொரு சீட்டின் பின்புறமும் "இதற்கு முன் எது?" என்று எழுதுங்கள்

"கோ"வைப் பாருங்கள். முன்னால் இரட்டைக்கொம்பு, பின்னால் துணைக்கால். ஆக, "கே"யும் "கா"வும் தெரியாமல் "கோ"வுக்குப் போக முடியாது. நம் வாக்கியத்தில் கே, கா இரண்டுமே இல்லை. இருந்தாலும் இரட்டைக்கொம்புக்கு ஒரு சீட்டு, துணைக்காலுக்கு ஒரு சீட்டு புதிதாகச் சேரும். இலக்கில் கண்ணுக்குத் தெரியாத பாடங்கள் வெளியே வருவது இந்த இடத்தில்தான். இப்போது கையில் 14 சீட்டுகள்.

புள்ளிக்கு வரும்போது இலக்கணம் குறுக்கே நிற்கும். மெய்யும் உயிரும் சேர்ந்தால் உயிர்மெய் என்பதால் ம், அ, அதன்பின் ம என்று சொல்லித்தரத் தோன்றும். ஆனால் கண்ணுக்கு முதலில் படும் வடிவம் ம. அதன் தலையில் புள்ளி வைத்தால் ம். வாசிப்பில் ம முதலில், ம் பிறகு. அறிவுத்துறையின் வரிசை வேறு, கற்பவர் ஏறும் படி வேறு.

துணைக்கால் மட்டும் சுலபம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் ணா, றா, னா உட்பட எல்லா எழுத்துக்கும் ஒரே கால். ஒருமுறை சொல்லித்தந்தால் போதும்.

3. போட்டி வந்தால் எதை முன்னால் வைப்பது?

முன்தேவை இல்லாத சீட்டுகள் பல இருக்கும். அவற்றில் அதிகச் சொற்களைத் திறந்துவிடுவதை முதலில் எடுங்கள். ப, ட, ம, புள்ளி நான்கையும் வைத்தே படம், மடம், பட்டம், மட்டம் வந்துவிடும். துணைக்கால் சேர்ந்தால் பாடம், மாமா, பாப்பா, டப்பா. அடுத்து அ: அம்மா, அப்பா. நம் வாக்கியத்தில் அ இல்லைதான். ஆனால் இந்த இரண்டு சொற்களுக்காகவே அதைச் சேர்க்கலாம். வரிசை இப்படி வரும்:

1. ப, ட, ம, புள்ளி: படம், பட்டம்
2. துணைக்கால்: பாடம், மாமா
3. அ, ஆ: அப்பா, ஆட்டம்
4. க: அக்கா, பக்கம்
5. டு, மு: ஆடு, மாடு, பாட்டு
6. ஐகாரக் குறி: பை, கடை, முட்டை
7. இரட்டைக்கொம்பு: மேடு, மேடை
8. ஓகாரக் குறி: போடு, கோட்டை
9. த, து: தாத்தா, போட்டது
10. இகரக் குறி, ழ: படி, பாட்டி, மழை, கோழி

ஐந்தாம் பாடத்திலேயே முழு வாக்கியம் கிடைக்கிறது: "அக்கா, பாட்டு பாடு." அதனால்தான் டு இவ்வளவு முன்னால் வந்தது.

ஒன்றுபோல் இருப்பவற்றை அடுத்தடுத்து வைக்காதீர்கள். ர-வும் துணைக்காலும் அப்படிப்பட்ட ஜோடி. துணைக்கால் நன்றாகப் பழகி, நாலைந்து பாடம் கழிந்த பிறகே ர. ண, ன-வும் அப்படியே.

ஒலியையும் பாருங்கள். "படம்" சொல்லில் ட மெலிந்து ஒலிக்கும், "பட்டம்" சொல்லில் வன்மையாக. "மேகம்" சொல்லும்போது வரும் க, "அக்கா"வில் வரும் க அல்ல. தமிழ் பேசும் குழந்தை தெரிந்த சொல் என்பதால் தானே சரியாக உச்சரித்துவிடும். பேசாத குழந்தைக்கு அந்த உதவி கிடையாது. அவர்களுக்கு மேகம், பகல் போன்ற சொற்களைத் தள்ளிவைத்து, ஒலி மாறும் இடத்தைத் தனிப் பாடமாகவே போட வேண்டும்.

4. சொற்பட்டியலைச் சல்லடை போடுங்கள்

ஒவ்வொரு பாடத்துக்கும் சொற்களை எழுதி, அதுவரை வராத எழுத்து எதுவானாலும் சிவப்பில் வட்டமிடுங்கள். வட்டம் விழுந்த சொல்லை எடுத்துவிடுங்கள், எவ்வளவு அழகான படம் கையில் இருந்தாலும். இரண்டாம் பாடத்தில் "பந்து" நுழைவது இப்படித்தான். ந் தெரியாது, து தெரியாது. குழந்தை படத்தைப் பார்த்து "பந்து" என்று சொல்லும், நாமும் வாசித்துவிட்டது என்று நம்புவோம்.

உண்மையில் வாசிக்கிறதா என்று பார்க்கப் பொருளில்லாத சொல் ஒன்று கொடுங்கள்: "டமபம்", "மாடப்பா". எழுத்தைக் கூட்டிச் சொன்னால் அடுத்த பாடம். "மாடப்பா"வைப் பார்த்து "மாமா" என்றால் அது மனப்பாடம். புதிய எழுத்து சேர்க்காமல் அதே எழுத்துகளை மாற்றிப் போட்டு இன்னொரு வகுப்பு நடத்துங்கள்.

5. வராத குழந்தைக்கு என்ன செய்வது?

சீட்டின் பின்புறக் குறிப்புகளைத் தூக்கி எறியாதீர்கள். ஐந்தாம் பாடத்துக்கு வராத குழந்தை ஆறாம் பாடத்தில் தாராளமாக உட்காரலாம். ஐகாரக் குறிக்கு டு, மு முன்தேவை இல்லை. அன்றைய பட்டியலில் "முட்டை"யை மட்டும் விட்டுவிடுங்கள். ஏழாம் பாடத்தைத் தவறவிட்ட குழந்தையை எட்டில் உட்கார வைக்க முடியாது. இரட்டைக்கொம்பு தெரியாமல் "போடு" என்ற சொல்லைப் பார்த்தால், அதன் கண்ணுக்குப் படுவது "பாடு"தான். வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்னால் வரச்சொல்லி மேடு, மேடை இரண்டையும் முடித்துவிட்டு உள்ளே அனுப்புங்கள்.