ஒரு வாரம் வெளியூர்ப் பயணம்: குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் நேர மாற்றத்தை எப்படிச் சொல்வது?

வீட்டில் ஒருவர் ஒரு வாரம் வெளியூர் போகிறார் என்றால் டிக்கெட், பெட்டி, பால்காரர், பேப்பர்காரர் எல்லாம் நினைவுக்கு வந்துவிடும். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் மட்டும் கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, அவர் செருப்பு மாட்டும் நேரத்தில், "அக்கா, திங்கட்கிழமையிலிருந்து கொஞ்சம் சீக்கிரம் வந்துவிடுங்கள்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அவரும் "சரிங்கம்மா" என்பார். திங்கட்கிழமை ஏழு மணிக்கு வாசலைப் பார்த்தால் ஆள் இருக்காது. அவர் மேல் தப்பு இல்லை. நம் வீட்டு நேரம் மாறினால் அவர் வீட்டு நேரமும் மாற வேண்டும். அதற்கு அவருக்கு இடமே கொடுக்கவில்லை.

முதன்முறையாக வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களுக்காக, எங்கள் கும்பகோணம் வீட்டில் நடந்த ஒரு வாரத்தையே எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். எனக்குக் கோயம்புத்தூரில் ஒரு வாரப் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜனசதாப்தியில் கிளம்பி, அடுத்த சனிக்கிழமை மதியம் திரும்புகிறேன். கணவர் தினமும் காலை ஏழேகாலுக்குக் கிளம்பிவிடுவார், வர ஏழு மணி ஆகும். மகளுக்கு இரண்டரை வயது. மாமியார் வீட்டில் இருக்கிறார், ஆனால் முழங்கால் வலியோடு குழந்தையின் பின்னால் ஓட முடியாது. அக்கா வழக்கமாக எட்டரைக்கு வந்து ஐந்தரைக்குப் போவார். இந்த ஒரு வாரம் மட்டும் ஏழுக்கு வந்து ஏழுக்குப் போக வேண்டும்.

படி 1: சொல்வதற்கு முன் அவருடைய வாரத்தைக் கேளுங்கள்

பத்து நாள் முன்பே பேசுங்கள். குழந்தை தூங்கும் மதிய நேரம் நல்லது. இருவரும் உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டே பேசுங்கள். மாமியார் எதிரிலோ பக்கத்து வீட்டுக்காரர் எதிரிலோ வேண்டாம். நாலு பேர் எதிரில் கேட்டால் யாரும் முடியாது என்று சொல்ல மாட்டார்கள்.

"நான் ஊருக்குப் போகிறேன்" என்று ஆரம்பிப்பதைவிட, "அக்கா, அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் உங்களுக்கு ஏதாவது முக்கியமான வேலை இருக்கிறதா?" என்று ஆரம்பியுங்கள். டெல்டாப் பக்கம் இந்தக் கேள்விக்கு வரும் பதில்களை ஓரளவு ஊகிக்கலாம். சம்பா நடவு நேரமாக இருந்தால் அவர் வீட்டு ஒரு மா நிலத்தில் நாற்றுப் பறிப்பு இருக்கும். நடவு முடிந்திருந்தால் களை எடுப்பு இருக்கும். தை மாதம் என்றால் அறுவடை. முகூர்த்த நாளில் சொந்தக்காரர் கல்யாணம் இருக்கும்.

இவற்றையெல்லாம்விட நாம் கவனிக்கத் தவறுவது குழுத் தவணை நாள். பெண்கள் குழுக்கடன் வாங்கியிருந்தால், பெரும்பாலும் வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாள் காலையில் எல்லோரும் ஓரிடத்தில் கூடிப் பணம் கட்ட வேண்டியிருக்கும். ஒருவர் வராவிட்டால் மற்றவர்கள் அவர் பங்கையும் சேர்த்துக் கட்ட வேண்டிய நிலை வரலாம். அந்தப் பேச்சை அவர் தெருவில் மாதக்கணக்கில் கேட்க வேண்டியிருக்கும். எங்கள் அக்காவுக்கு அது புதன்கிழமை காலை எட்டு மணி. கேட்டதால்தான் தெரிந்தது. எட்டரைக்கு வரும் நாட்களில் புதன் மட்டும் அரை மணி தாமதமாக வருவார். காரணம் இதுதான் என்பது அன்றுதான் புரிந்தது. புதன் அன்று கணவர் அலுவலகத்தில் சொல்லிவிட்டு ஒன்பது மணிக்குக் கிளம்புவதாக முடிவு செய்தோம்.

படி 2: கடிகார நேரத்தில் சொல்லுங்கள், பஸ்ஸையும் சேர்த்து

"கொஞ்சம் சீக்கிரம்", "கொஞ்ச நேரம் கூட" என்ற சொற்களுக்கு அளவு கிடையாது. கிழமை, வரும் நேரம், போகும் நேரம் மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

"அக்கா, 14ஆம் தேதி திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி நான்கு நாளும் காலை ஏழு மணிக்கு வந்து, இரவு ஏழு மணிக்குப் போகிற மாதிரி இருக்கும். புதன் மட்டும் குழு முடிந்து ஒன்பதுக்கு வாருங்கள், அன்றும் போவது ஏழு மணி. சனிக்கிழமை ஏழுக்கு வந்தால் போதும், நான் மதியம் வந்துவிடுவேன், மூன்று மணிக்குக் கிளம்பலாம். முடியுமா? எந்த நாள் சிரமம்?"

"சரிங்கம்மா" என்ற பதிலோடு நிறுத்திவிடாதீர்கள். அது சம்மதமாகவும் இருக்கலாம், மறுக்கத் தயங்கும் மரியாதையாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு: "ஏழுக்கு வர வேண்டுமென்றால் எந்த பஸ்?" என்று கேளுங்கள். உண்மையாகவே யோசித்தவர் பஸ் நேரம் சொல்வார். யோசிக்காதவர் சற்று நிற்பார்; சிக்கல் அப்போதுதான் வெளியே வரும்.

எங்கள் அக்கா வலங்கைமான் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிறார். வழக்கமாக மகளிருக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ்ஸில் வருவார், செலவே இல்லை. ஏழு மணிக்கு நம் வீட்டில் இருக்க அந்த பஸ் உதவாது; அதற்கு முன் வரும் ரூட் பஸ்ஸில் டிக்கெட் எடுக்க வேண்டும். இரவு ஏழுக்கு மேல் டவுன் பஸ்ஸைப் பிடிப்பதும் நிச்சயமில்லை, ஷேர் ஆட்டோதான். நாம் ஒன்றரை மணி நேரம் மாற்றினால் அவருக்குத் தினமும் கையிலிருந்து பணம் போகிறது. இதை அவராகக் கேட்க மாட்டார்.

படி 3: அதே பேச்சிலேயே பணத்தையும் பேசுங்கள்

"பார்த்துச் செய்கிறேன் அக்கா" என்பது பதில் ஆகாது. எங்கள் கணக்கை அப்படியே தருகிறேன், உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளலாம்.

மாதச் சம்பளம் 9,000 ரூபாய், மாதம் 26 நாள், நாளுக்கு 9 மணி நேரம். நாளுக்குச் சுமார் 346, மணிக்கு 38 ரூபாய் சொச்சம் வருகிறது. 40 என்று வைத்துக்கொண்டேன். தொழிற்சாலையில் கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்பது சட்டம். வீட்டு வேலைக்கு அந்தச் சட்டம் வராது என்றாலும் கணக்கு நியாயமானது. காலையிலும் இரவிலும் அவர் விட்டுக்கொடுப்பது தன் பிள்ளைகளுக்குச் சமைக்கும் நேரத்தை. எனவே மணிக்கு 80.

நான்கு நாட்களுக்குத் தலா 3 மணி வீதம் 12 மணி, புதன் மாலை ஒன்றரை, சனி காலை ஒன்றரை, ஆக 15 மணி நேரம். 1,200 ரூபாய். ரூட் பஸ் ஐந்து காலைகளுக்கு 15 வீதம் 75, ஷேர் ஆட்டோ ஐந்து இரவுகளுக்கு 30 வீதம் 150. எல்லாம் சேர்த்து 1,425. முழுமையாக 1,500 என்று சொன்னேன். புதன் அரை மணி தாமதத்தையும் சனிக்கிழமை சீக்கிரம் போவதையும் கழிக்கக் கூடாது. பஸ், ஆட்டோப் பணத்தை நான் கிளம்பும் முன்பே கையில் கொடுத்தேன், மீதியைத் திரும்பி வந்த சனிக்கிழமை கொடுத்தேன். காலைப் பலகாரமும் இரவுச் சாப்பாடும் நம் வீட்டில்தான் என்பதையும் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் ஐந்து மணிக்கே எழுந்து டிபன் கட்டிக்கொண்டு வருவார்.

குடும்பமே வெளியூர் போய் அவருக்கு அந்த வாரம் வேலையே இல்லை என்றால், சம்பளத்தில் கை வைக்காதீர்கள். லீவு எடுத்தது நாம். "இந்த வாரச் சம்பளம் உண்டு அக்கா" என்பதை விடுமுறையைச் சொல்லும் அதே மூச்சில் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்த வாரம் முழுக்க அவருக்கு அதே கவலையாக இருக்கும்.

படி 4: வீட்டில் யார் சொல்வது செல்லும்?

நாம் இல்லாத வீட்டில் சொல்வதற்கு இரண்டு பேர் இருப்பார்கள். பாட்டி "அந்த மிளகாயைக் கொஞ்சம் காய வைத்து எடும்மா" என்பார், குழந்தை அதற்குள் கிணற்றடிக்குப் போய்விடும். அக்காவால் பெரியவரிடம் மறுத்துப் பேச முடியாது. எனவே மாமியாரிடம் நாம்தான் முன்கூட்டியே பேச வேண்டும்: "அத்தை, இந்த வாரம் அவர் பாப்பாவோடு மட்டும் இருக்கட்டும், மற்ற வேலைகளை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்." பிறகு அக்காவிடம், அத்தையிடம் சொல்லிவிட்டேன் என்று தெரிவியுங்கள்.

காய்ச்சல், அடிபடுதல் போன்றவற்றில் வரிசை தெளிவாக இருக்கட்டும். முதலில் கணவருக்கு போன். எடுக்கவில்லை என்றால் எதிர்வீட்டு அண்ணன். நிலைமை மோசமென்றால் யாரையும் கேட்காமல் 108. காய்ச்சல் மருந்தின் அளவை மருத்துவர் எழுதியபடி, மருந்தோடு வரும் சிரிஞ்சில் பேனாவால் கோடு போட்டு அக்கா கையாலேயே ஒரு முறை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

படி 5: குழந்தை "அம்மா எங்கே" என்றால்

மாலையானால் பெரும்பாலான குழந்தைகள் அம்மாவைத் தேடும். அந்த நேரத்தில் அக்காதான் வீட்டில் இருப்பார். "இதோ வந்துவிடுவாள்" என்று சொன்னால் குழந்தை வாசலிலேயே நிற்கும். "அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள், சனிக்கிழமை ரயிலில் வருவாள்" என்று எல்லோரும் ஒரே மாதிரி சொல்வது என முடிவு செய்துகொண்டோம். வீடியோ அழைப்பை மாலை ஆறு மணிக்கு வைத்தேன். மதியத் தூக்கத்துக்கு முன் முகத்தைக் காட்டினால் குழந்தை தூங்காது, அழுகையை அடக்கும் பாடு அக்காவுக்குத்தான்.

படி 6: தாளில் ஒட்டுங்கள், குரலிலும் அனுப்புங்கள்

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாள் இவ்வளவுதான்:

திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி: 7 – 7
புதன்: 9 – 7
சனி: 7 – 3
அடுத்த திங்கள் (21ஆம் தேதி) முதல் பழையபடி: 8.30 – 5.30

கீழே போன் எண்கள். படிக்கச் சிரமப்படுபவர் என்றால் இதையே வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புங்கள், வீட்டில் உள்ளவர்களும் கேட்பார்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு முறை நினைவுபடுத்துங்கள். டிக்கெட் இன்னும் வெயிட்டிங் லிஸ்டில் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லி, எந்த நாளுக்குள் உறுதியாகச் சொல்வீர்கள் என்பதைக் கூறிவிடுங்கள்.

தாளின் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பழைய நேரத்துக்குத் திரும்பும் தேதியை யாரும் சொல்லாவிட்டால், அக்கா அடுத்த வாரமும் ஏழு மணிக்கே வந்து நிற்பார், நாமும் வசதியாக இருக்கிறதே என்று பேசாமல் இருந்துவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை மாலையே போன் செய்து, "அக்கா, நாளை எட்டரைக்கு வந்தால் போதும், டவுன் பஸ்ஸிலேயே வாருங்கள்" என்று சொல்லிவிடுங்கள்.