ஹார் வேவ்லெட்டைக் கையால் போடும்போது எங்கே தவறுகிறோம்?

எட்டு எண்களை எடுத்துக்கொள்வோம்: 9, 7, 3, 5, 6, 10, 2, 6. எண் வரிசையைச் சராசரிகளாகவும் வித்தியாசங்களாகவும் பிரிப்பதுதான் ஹார் வேவ்லெட் மாற்றம். அதன் முதல் நிலைக்கு இவற்றை இரண்டிரண்டாகப் பிரிக்க வேண்டும்: (9, 7), (3, 5), (6, 10), (2, 6).

பலர் முதலில் சறுக்குவது இங்கேதான். அடுத்த ஜோடியை (7, 3) என்று எடுத்துவிடுகிறார்கள். ஒரு எண் ஒரு ஜோடியில்தான் வரலாம். விடையில் மொத்தம் எட்டு எண்கள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். பதினான்கு வந்தால் ஜோடிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டன.

ஒவ்வொரு ஜோடிக்கும் சராசரி `(a+b)/2`, வித்தியாசம் `(a-b)/2`. சராசரிகளை முதலிலும் வித்தியாசங்களைப் பின்னாலும் எழுதினால் கிடைப்பது:

```
8  4  8  4 | 1  -1  -2  -2
```

சராசரியை இரண்டால் வகுத்துவிட்டு, வித்தியாசத்தை வகுக்காமல் விடுவது அடுத்த தவறு. (6, 10) ஜோடிக்கு 8, -4 என்று வரும். திரும்பக் கூட்டிக் கழித்தால் 4, 12 கிடைக்கும். நம்மிடம் இருந்ததோ 6, 10. சில புத்தகங்களில் 2-க்குப் பதிலாக √2-ஆல் வகுப்பார்கள். அதுவும் சரியே, ஆனால் கூட்டல், கழித்தல் இரண்டுக்கும் அதையே பயன்படுத்த வேண்டும்.

நான் அதிகம் பயப்படுவது குறியை விடும் தவறுக்குத்தான். 'வித்தியாசம்' என்றதும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கும் பழக்கம் நம் கையில் ஊறிப்போயிருக்கிறது. (6, 10)-க்கு -2 என்பதை 2 என்று எழுதிவிட்டால், சராசரி மாறாது. எண்களின் வர்க்கங்களைக் கூட்டிப் பார்த்தாலும் அதே தொகைதான் வரும். எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். திருப்பிப் போடும்போதுதான் 8+2, 8-2 என்று 10, 6 வந்து, ஏறிய இடம் இறங்கிய இடமாகிவிடும். அதனால் எப்போதும் முதல் எண்ணிலிருந்து இரண்டாம் எண்ணைக் கழியுங்கள். முடித்ததும் நான்கு ஜோடிகளையும் `s+d`, `s-d` போட்டு மீட்டுப் பாருங்கள். `s` சராசரி, `d` வித்தியாசம்.

கணக்கு சரியாக வந்த பிறகும் விடையைப் படிப்பதில் ஒரு தவறு நேர்கிறது. வித்தியாசங்கள் எல்லாம் சின்னதாக இருப்பதைப் பார்த்து, தரவில் பெரிய தாவல் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். மூல எண்களைப் பாருங்கள்: 10-லிருந்து 2-க்கு ஒரே அடியில் எட்டு இறங்குகிறது. இருப்பதிலேயே பெரிய தாவல் அதுதான். ஆனால் 10 மூன்றாம் ஜோடியில், 2 நான்காம் ஜோடியில். அந்த இறக்கம் இரண்டு ஜோடிகளுக்கும் நடுவே விழுந்துவிட்டதால், எந்த வித்தியாசமும் அதைத் தொடவில்லை. 8, 4 என்று சராசரிகள் இறங்குவதில்தான் அதன் தடயம் இருக்கிறது. அடுத்த நிலையில் அந்தச் சராசரிகளை ஜோடி சேர்க்கும்போது அது 2 என்ற வித்தியாசமாக வெளியே வரும். ஜோடி பிரிப்பதை ஒரு இடம் தள்ளித் தொடங்கியிருந்தால், (10, 2) ஒன்றாகச் சேர்ந்து முதல் நிலையிலேயே 4 வந்திருக்கும்.