காலாண்டு முடிவுக்கு முன் எவ்வளவு இலக்கு வைக்கலாம்? ஸ்ட்ராடில் விலையிலிருந்து கணக்குப் போடும் முறை

காலாண்டு முடிவு வரப்போகிறது என்றாலே, 1,500 ரூபாய் பங்குக்கு 1,650 என்று இலக்கு சொல்ல ஆள் கிடைத்துவிடுவார்கள். அந்த 1,650 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. ஆனால் நாளை இந்தப் பங்கு எவ்வளவு அசையக்கூடும் என்பதற்கு ஆப்ஷன் சந்தையில் ஒரு விலை ஓடிக்கொண்டிருக்கிறது. பணத்தைப் போட்டவர்கள் பேரம் பேசி வைத்த விலை அது. அதைப் படித்து இலக்கு வைப்பது எப்படி என்பதை ஒரு கற்பனைப் பங்கை வைத்துப் படிப்படியாகப் பார்ப்போம்.

கால் ஆப்ஷன் என்பது குறித்த விலையில் பங்கை வாங்கும் உரிமை, புட் ஆப்ஷன் என்பது விற்கும் உரிமை. அந்தக் குறித்த விலைதான் ஸ்ட்ரைக், உரிமை முடியும் நாள்தான் எக்ஸ்பைரி. ஒரே ஸ்ட்ரைக்கில், ஒரே எக்ஸ்பைரியில், ஒரு கால் ஆப்ஷனையும் ஒரு புட் ஆப்ஷனையும் சேர்த்து வாங்குவதுதான் ஸ்ட்ராடில். பங்கு ஏறினாலும் இறங்கினாலும் ஒரு பக்கம் பணம் தரும். எனவே அதன் மொத்த விலை திசையைப் பற்றி எதுவும் சொல்லாது, அசைவின் அளவை மட்டுமே சொல்லும். நாம் இங்கே ஸ்ட்ராடிலை வாங்கப் போவதில்லை. அதன் விலையைப் படிக்கப் போகிறோம், அவ்வளவுதான்.

படி 1: முடிவு எந்த நேரத்தில் வருகிறது?

டிசிஎஸ் போன்ற நிறுவனங்கள் சந்தை மூடிய பிறகு அறிவிக்கின்றன. சில நிறுவனங்களின் முடிவு வர்த்தக நேரத்துக்கு நடுவிலேயே வந்துவிடும். ஹெச்டிஎஃப்சி வங்கி, ஐசிஐசிஐ வங்கி இரண்டும் பல காலாண்டுகளில் சனிக்கிழமை அறிவித்திருக்கின்றன. முடிவுக்கு முந்தைய கடைசி வர்த்தக நாளின் பிற்பகல், மூன்று மணிக்கு மேல், நமக்கு வேண்டிய விலை கிடைக்கும். அதற்கு நான்கு நாள் முன்பே எடுத்தால் இடையிலுள்ள நாட்களின் அசைவும் கணக்கில் நுழைந்துவிடும்.

படி 2: ஸ்ட்ராடில் விலையை எடுப்பது

நம் பங்கு 1,500 ரூபாயில் இருக்கிறது. அதே எக்ஸ்பைரியின் ஃபியூச்சர் விலை, அதாவது அந்த நாளுக்கு இன்றே பேசி வைக்கும் விலை, 1,505. இன்று மாலை முடிவு. எக்ஸ்பைரிக்கு இன்னும் 16 வர்த்தக நாட்கள் இருக்கின்றன. எல்லா ஸ்ட்ரைக்குகளின் விலையும் ஒரே பட்டியலாக இருக்கும் ஆப்ஷன் செயினில் 1,500 ஸ்ட்ரைக்கைப் பார்க்கிறோம்: கால் 40 ரூபாய், புட் 35 ரூபாய். ஸ்ட்ராடில் 75 ரூபாய், அதாவது பங்கு விலையில் 5 சதவீதம்.

இதில் புதியவர்கள் தவறுகிற இடம், கடைசியாக வர்த்தகமான விலையை எடுத்துக்கொள்வது. பங்கு ஆப்ஷன்களில் அந்த விலை அரைமணி நேரம் பழையதாகக்கூட இருக்கலாம். வாங்குவோர் கேட்கும் விலைக்கும் விற்போர் சொல்லும் விலைக்கும் நடுப்புள்ளியை எடுங்கள். எடுத்தது சரிதானா என்று பார்க்க எளிய சோதனை உண்டு: கால் விலையிலிருந்து புட் விலையைக் கழித்தால் வருவதும், ஃபியூச்சர் விலையிலிருந்து ஸ்ட்ரைக்கைக் கழித்தால் வருவதும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே 40 − 35 = 5, 1,505 − 1,500 = 5. பொருந்துகிறது. பத்துப் பன்னிரண்டு ரூபாய் வித்தியாசம் வந்தால் இரண்டில் ஒரு விலை பழையது என்று அர்த்தம்.

படி 3: சாதாரண நாட்களின் அசைவைக் கழிப்பது

"ஸ்ட்ராடில் 75 ரூபாய், ஆகவே நாளை 75 ரூபாய் அசையும்" என்று பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். அமெரிக்காவில் பெரிய பங்குகளுக்கு வாராந்திர ஆப்ஷன் உண்டு. முடிவு வெளியான ஓரிரு நாளில் எக்ஸ்பைரி வந்துவிடுவதால் அங்கே இந்தச் சுருக்குவழி ஓரளவு செல்லும். நம் தேசியப் பங்குச் சந்தையில் தனிப் பங்குகளுக்கு மாதாந்திர எக்ஸ்பைரி மட்டுமே. அந்த 75 ரூபாய்க்குள் நாளைய அசைவும் இருக்கிறது, அதற்குப் பிறகு வரும் 15 சாதாரண நாட்களின் அசைவும் இருக்கிறது. இரண்டையும் பிரித்தாக வேண்டும்.

பிரிப்பதற்கு இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். முதலாவது, பங்கு விலையை ஒட்டிய ஸ்ட்ரைக்கில் ஸ்ட்ராடிலின் விலை சராசரி அசைவைக் காட்டுகிறது. அது, அசைவுகள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதற்கான அளவாகிய திட்ட விலக்கத்தில், சுமார் 0.8 மடங்கு. எனவே 5 சதவீதத்தை 0.8 ஆல் வகுத்தால் எக்ஸ்பைரி வரைக்குமான திட்ட விலக்கம் 6.25 சதவீதம். இரண்டாவது, நாட்களின் அசைவுகளை நேராகக் கூட்டவோ கழிக்கவோ கூடாது. வர்க்கப்படுத்திய பிறகுதான் கூட்டல் கழித்தல் செல்லும்.

சாதாரண நாளின் அசைவுக்கு, முடிவு அறிவிப்புகளுக்கு நடுவே சந்தை அமைதியாக இருந்த வாரங்களில் இந்தப் பங்கின் ஐவி எவ்வளவு இருந்தது என்று பாருங்கள். ஐவி என்பது ஆப்ஷன் விலைக்குள் பொதிந்திருக்கும் ஆண்டு ஏற்ற இறக்கம். ஆப்ஷன் செயினிலேயே அதற்கு ஒரு நெடுவரிசை இருக்கும். அது 19 சதவீதம் என்றால் 16 ஆல் வகுக்க வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 252 வர்த்தக நாட்கள், அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 16. நாளொன்றுக்கு 1.2 சதவீதம் வருகிறது.

```
6.25 × 6.25      = 39.06
15 × (1.2 × 1.2) = 21.60
39.06 − 21.60    = 17.46
√17.46           = 4.18 %
1500 × 4.18 %    = 62.7
62.7 × 0.8       = 50
```

ஆக, முடிவுக்கு மறுநாளுக்குச் சந்தை வைத்திருக்கும் சராசரி அசைவு 50 ரூபாய். திட்ட விலக்கம் 63 ரூபாய். பார்த்தவுடன் கண்ணில் பட்ட 75க்கும் இந்த 50க்கும் இடைவெளி சிறியதல்ல. எக்ஸ்பைரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு இந்த இடைவெளி விரியும். மாத முதல் பாதியில் முடிவு சொல்லும் ஐடி நிறுவனங்களில் இது அப்பட்டமாகத் தெரியும்.

ஜனவரியில் முடிவு வந்து, பிப்ரவரி எக்ஸ்பைரியை நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தால் மத்திய பட்ஜெட்டும் அந்த விலைக்குள் அடங்கியிருக்கும். அந்த நாளைச் சாதாரண நாளாக எண்ணினால், முடிவின் அசைவு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும்.

படி 4: எண்ணை வாய்ப்பாக மாற்றுவது

பங்கு ஏறும் என்று நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1,550 என்பது சராசரி அசைவு, உங்கள் பக்கமாக நிகழ்ந்தால். 1,563ஐத் தாண்ட, மணிவடிவப் பரவலின்படி, ஆறில் ஒரு வாய்ப்பு. 1,600ஐத் தொட இருபதில் ஒன்று. 1,650 என்றவரிடம் இந்தக் கணக்கைக் காட்டிப் பார்க்கலாம். கேட்பாரா என்பது வேறு விஷயம்.

என் வழக்கம், முதல் இலக்கைச் சராசரி அசைவில் வைத்து அங்கே பாதியை வெளியேற்றுவது, மீதியைத் திட்ட விலக்கத்தின் எல்லையில் வைப்பது. அதற்கு மேல் இலக்கு வைக்க வேண்டுமென்றால் சந்தைக்குத் தெரியாத எதுவோ எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் தெரிவதில்லை.

மேலே சொன்ன பரவல் நடுவில் நன்றாகப் பொருந்தும், ஓரங்களில் பொருந்தாது. இன்ஃபோசிஸ் 2013 ஏப்ரல் 12 அன்று முடிவை அறிவித்தபோது ஒரே நாளில் சுமார் 21 சதவீதம் சரிந்தது. 2023 ஏப்ரல் 13, வியாழக்கிழமை மாலை, அதே நிறுவனம் அடுத்த ஆண்டு வருவாய் வளர்ச்சி 4 முதல் 7 சதவீதம்தான் என்று சொன்னது. வெள்ளிக்கிழமை விடுமுறை. திங்கட்கிழமை பங்கு 9 சதவீதத்துக்கு மேல் கீழே முடிந்தது. ஹெச்டிஎஃப்சி வங்கி 2024 ஜனவரி 17 அன்று 8 சதவீதத்துக்கு மேல் இழந்தது. நிதானமான பங்கு என்று பெயரெடுத்த வங்கி அது. இத்தகைய நாட்களில் விலை இடையில் நிற்காமல் நேராகத் தாவித் திறக்கும் என்பதால், 1,460இல் போட்ட ஸ்டாப்லாஸ் 1,400இல்தான் நிறைவேறும். ஆகவே திட்ட விலக்கத்தின் இரு மடங்கு, அதாவது 126 ரூபாய், எதிர்ப்பக்கம் போனாலும் தாங்கக்கூடிய அளவுக்கு மட்டும் பங்கு எண்ணிக்கையை வைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே, அதே பங்கின் கடந்த எட்டு முடிவுகளுக்கு மறுநாள் அசைவுகளை ஏறுமுகம் இறங்குமுகம் பாராமல் எழுதிப் பாருங்கள். அவை 2 சதவீதத்திலேயே நிற்க, சந்தை இம்முறை சராசரி அசைவாக 3.3 கேட்கிறது என்றால் ஏதோ காரணம் இருக்கிறது: புதிய தலைமை அதிகாரி, விசாரணை, கையகப்படுத்தல் பேச்சு. காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் படி 2க்குத் திரும்பிப் போய் விலைகளைச் சரிபாருங்கள்.

படி 5: இலக்கை ஆப்ஷன் விலையாக மாற்றுவது

பங்கை வைத்திருப்பவருக்கு 1,550 என்றால் 50 ரூபாய் லாபம், கணக்கு முடிந்தது. கால் ஆப்ஷன் வாங்கியவருக்கு அப்படியல்ல. முடிவு வெளியானதும் மறுநாள் காலை ஐவி சாதாரண அளவுக்கு இறங்கிவிடும், ஆப்ஷனுக்குக் கொடுத்த விலையான பிரீமியமும் அதோடு கரையும்.

1,500 காலை 40 ரூபாய்க்கு வாங்கியிருந்தால், மறுநாள் 15 நாள் மீதமிருக்க, ஐவி 19க்குத் திரும்பிய நிலையில் அதன் மதிப்பு தோராயமாக இப்படி இருக்கும். பங்கு அசையவே இல்லையென்றால் 30 ரூபாய். 25 ரூபாய் ஏறினால் 46. 50 ரூபாய் ஏறினால் 64. போட்ட பணம் திரும்புவதற்கே பங்கு 16 ரூபாய் அளவுக்கு ஏற வேண்டும். எனவே இந்த ஆப்ஷனுக்கு முதல் இலக்கு 64 ரூபாய். 80, 100 என்று ஆர்டர் போட்டுக் காத்திருப்பதில் பொருளில்லை.

மலிவாக இருக்கிறதே என்று 1,600 காலை 8 ரூபாய்க்கு வாங்கியவரின் நிலை இன்னும் சங்கடம். பங்கு 50 ரூபாய் ஏறி, அவர் நினைத்த திசையே சரியாக அமைந்தாலும் அது 12 ரூபாய்க்குத்தான் போகும். அசையாமல் நின்றால் 3 ரூபாய். சராசரி அசைவு முழுவதும் கிடைத்தும் 4 ரூபாய்தான் லாபம், அதற்காகப் பணயம் வைத்தது 8 ரூபாய்.

மறுநாள் 9.15க்குச் சந்தை திறந்தவுடன் ஆப்ஷன்களில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அகலமாக இருக்கும். மார்க்கெட் ஆர்டர் வேண்டாம், இலக்கு விலையில் லிமிட் ஆர்டரே போதும். பங்கு ஆப்ஷன்கள் பங்காகவே தீர்க்கப்படுபவை என்பதையும் நினைவில் வையுங்கள். எக்ஸ்பைரி வரை லாபநிலையில் விட்டுவைத்தால் லாட் முழுவதற்கும் பணம் கட்டிப் பங்கை எடுக்க வேண்டிவரும். கடைசி நாட்களில் மார்ஜினும் ஏறும்.

முதல் நாள் இலக்கு எட்டப்படவில்லை என்றால் 50, 63 என்ற எண்களை அன்றோடு அழித்துவிடுங்கள். அவை அந்த ஒரு நாளுக்கானவை. இரண்டாம் நாளிலிருந்து இந்தப் பங்கின் அளவு நாளொன்றுக்கு 18 ரூபாய். ஆப்ஷனை இன்னும் வைத்திருந்தால் புதிய இலக்கை அதிலிருந்துதான் போட வேண்டும்.