டார்மிட்டரி விதிப்பலகை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோட்டை, ஸ்ரீபுரம், ஏலகிரி என்று சுற்ற வரும் முதுகுப்பைப் பயணிகளுக்காக வேலூரில் புதிதாக டார்மிட்டரி திறக்கும் நண்பர்கள், விதிப்பலகையை எழுதி என்னிடம் காட்டுவார்கள். எழுத்துப்பிழை, சிவப்பு மையில் மிரட்டல் போன்றவற்றை யாரும் சொல்லாமலே திருத்திக்கொள்ளலாம். எனக்கு உறுத்துவது வேறு. அன்பாக எழுத வேண்டும் என்ற நினைப்பில் "தயவுசெய்து", "முடிந்தவரை" எல்லாம் சேர்க்கிறார்கள். தங்க வருபவருக்குத் தேவையான அளவையும் நேரத்தையும் இடத்தையும் விட்டுவிடுகிறார்கள்.

"உங்கள் பூட்டை நீங்களே கொண்டு வாருங்கள்"

இந்த ஒரு வரியைப் பார்த்தாலே இன்னும் எரிச்சல் வருகிறது. எந்தப் பூட்டு? லாக்கர் கொண்டியின் துளை சின்னது. வீட்டுக் கதவுக்குப் போடும் பூட்டின் கம்பி அதில் நுழையாது.

நான் பார்த்த ஒரு விடுதியில் அதுதான் நடந்தது. காட்பாடியில் இறங்கி இரவு பதினொன்றரைக்கு வந்த பையன், பலகையில் சொன்னபடி நல்ல கனமான பூட்டோடுதான் வந்திருந்தான். கம்பி நுழையவில்லை. அந்த நேரத்தில் கடை எதுவும் திறந்திருக்கவில்லை. வரவேற்பில் இருந்தவரும் தூங்கிவிட்டார். பர்ஸைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தான். காலையில் குளித்துவிட்டு வந்தால் பர்ஸ் இல்லை. கேட்டதற்கு, பலகையின் கடைசி வரியை விரலால் காட்டினார்கள்: "உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல."

அந்த வரியை நம்பி உட்காராதீர்கள். விடுதி ஊழியரிடம் நிறுத்தக் கொடுத்த கார் திருடுபோன வழக்கில், விடுதியின் கவனக்குறைவு இருக்கும்போது இப்படி அச்சிட்ட வாசகத்தைக் காட்டித் தப்பிக்க முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விருந்தாளியே பூட்டும் லாக்கர் அதே நிலைமை இல்லைதான். ஆனாலும், பூட்டவே முடியாத லாக்கரைக் கொடுத்துவிட்டு "பொறுப்பல்ல" என்று எழுதுவது நியாயமும் இல்லை.

சரி, எப்படி எழுதலாம்? முதலில் துளையை அளந்துவிடுங்கள். டிரில் பிட்களை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தால் போதும். எது கடைசியாக இலகுவாக நுழைகிறதோ அதுதான் அளவு. 6 மி.மீ. வந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் இப்படி எழுதுங்கள்:

"உங்கள் கட்டில் எண்தான் லாக்கர் எண். 6 மி.மீ. வரை தடிமனுள்ள கம்பி இருக்கும் பூட்டு பொருந்தும். பொருந்தவில்லையா? எந்த நேரமானாலும் மணி அடியுங்கள், ஒரு பூட்டு தருகிறோம். 100 ரூபாய் முன்பணம்; பூட்டைக் கொடுத்ததும் திரும்பக் கிடைக்கும். குளிக்கப் போகும்போதும் பணமும் பாஸ்போர்ட்டும் லாக்கரிலேயே இருக்கட்டும். மூடிய லாக்கருக்குள் பவர் பேங்க்கை சார்ஜ் போட வேண்டாம், சூடாகிவிடும்."

பலரும் மறக்கும் இன்னொன்று, பூட்டைப் போட்டபடியே ஊருக்குக் கிளம்பிவிடுபவர்கள். அடுத்தவர் லாக்கர் இல்லாமல் நிற்பார் என்று அவசரத்தில் உடைத்தால் வம்புதான். "காலை 11 மணிக்கு அறை காலி செய்த பின்னும் பூட்டியிருந்தால் உங்களுக்கு போன் செய்வோம், மாலை 5 வரை பதில் இல்லையென்றால் இரண்டு ஊழியர்கள் முன்னிலையில் திறந்து, இருப்பதைப் பட்டியல் எடுத்துப் பத்திரமாக வைப்போம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் கோபிப்பதில்லை.

"இரவில் அமைதி காக்கவும்"

எப்போதிலிருந்து? ஒலி மாசு விதிகளில் இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. அதையே வைத்துக்கொள்ளுங்கள், விவாதம் வராது.

ஆனால் இந்த ஊரில் பேச்சுச் சத்தத்தைவிட விடியற்காலை ரயிலுக்குக் கிளம்புபவர்தான் அறையை எழுப்புகிறார். நான்கு மணிக்கு அலாரம் மூன்று தடவை அடிக்கும், மேல் விளக்கு எரியும், பிளாஸ்டிக் கவர் கால் மணி நேரம் சரசரக்கும். "சத்தம் போடாதீர்கள்" என்ற வரி அவரைத் தொடவே தொடாது; தான் பேசவே இல்லையே என்றுதான் நினைப்பார். "6 மணிக்கு முன் கிளம்புகிறீர்களா? பையை இரவே கட்டி வெளிக்கூடத்து அலமாரியில் வைத்துவிடுங்கள். அலாரம் அதிர்வில் இருக்கட்டும், கட்டில் விளக்கு போதும்" என்று எழுதினால் அவருக்கும் செய்ய ஒரு வழி கிடைக்கும். அந்த அலமாரிக்கும் பூட்டு வேண்டும்.

பிரிட்ஜ்

பெயரும் கிளம்பும் தேதியும் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். பெயர் மட்டும் போதாது. ஆள் போய்விட்டாரா, இருக்கிறாரா என்று தெரியாமல் தயிர் ஒரு வாரம் கிடக்கும். பேனாவும் ஒட்டுத்தாளும் பிரிட்ஜ் மேலேயே இருக்க வேண்டும்.

சைவப் பாத்திரம்

தனி அலமாரி, தனி நிறம். விளக்கம் எழுத வேண்டாம்.

சிங்க்

"சாப்பிட்டதும் கழுவிவிடுங்கள்." அவ்வளவுதான்.

கேஸ்

இதில் மட்டும் "முடிந்தவரை" கூடவே கூடாது. அடுப்பின் திருகை அணைத்தால் போதும் என்றே பலர் நினைக்கிறார்கள். டியூபிலோ இணைப்பிலோ கசிவு இருந்தால் அது தடுக்காது. சமையலறை மூடும் இரவு 10 மணிக்கு ரெகுலேட்டரை மூடுவது உங்கள் ஊழியரின் வேலையாக இருக்கட்டும், தங்க வந்தவரிடம் விடாதீர்கள். பலகையில் இது போதும்: "கேஸ் வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல், ஜன்னலைத் திறந்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள்."