தகர ஷீட் கூரை ஒழுகாமல் இருக்க: ஸ்க்ரூவும் மேலேற்றமும்

மொட்டை மாடியில் 20 அடி அகலம், 12 அடி சரிவு நீளத்துக்கு ஒரு ஷெட் என்று வைத்துக்கொள்வோம். ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களான பர்லின்கள், 2 எம்எம் கன இரும்பில், 3 அடிக்கு ஒன்றாக, மொத்தம் ஐந்து. மேல் பரப்பப்போவது 18 எம்எம் உயர அலை ஷீட்.

முதலில் காற்றுத் திசையைப் பாருங்கள். சென்னை மாதிரி ஊரில் பெருமழை வடகிழக்குக் காற்றோடு வரும். கூரை கிழக்கு மேற்காக நீண்டிருந்தால் முதல் ஷீட்டை மேற்குக் கோடியில் போட்டு, கிழக்கே நகர்ந்து வாருங்கள். மேலே ஏறும் ஷீட்டின் விளிம்பு அப்போது காற்றுக்கு முதுகு காட்டும். மாற்றிப் போட்டால் சாரல் நேராக இடுக்கில் புகும்.

பக்கவாட்டில் ஒன்றரை அலை மேலேற வேண்டும். ஒரு அலையோடு நிறுத்தி ஷீட்டை மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. முதல் அடைமழையில் கணக்குத் தீர்ந்துவிடும். ஒன்றரை போக ஒரு ஷீட் இரண்டரை அடியை மூடினால் எட்டு ஷீட் போதும். நீளவாக்கில் ஒட்டுப் போடாமல் 12 அடி ஷீட்டாகவே வெட்டி வாங்குங்கள். ஒட்டு தவிர்க்க முடியாவிட்டால் பர்லினுக்கு நேர் மேலே, மேல் ஷீட் கீழ் ஷீட்டின் மீது 15 செ.மீ. ஏறட்டும்.

ஸ்க்ரூவை அலையின் மேட்டில்தான் அடிக்க வேண்டும். தண்ணீர் ஓடுவது பள்ளத்தில். அங்கே ஓட்டை போடக் கூடாது. அலை 18, பர்லின் 2, அதற்கும் கீழே துளையிடும் முனையும் சில மரைகளும் வெளிவர வேண்டும் என்பதால் 50 எம்எம் நீளம் சரியாக வரும். மேல், கீழ்க் கோடிப் பர்லின்களைத்தான் காற்று முதலில் தூக்கும். அங்கே ஒன்றுவிட்டு ஒரு மேட்டில் அடித்தால் ஷீட்டுக்கு ஐந்தைந்து. நடுவிலுள்ள மூன்றிலும் மும்மூன்று போதும். எல்லா வரிசையிலும் மேலேற்ற மேட்டுக்கு ஒன்று கட்டாயம். ஷீட்டுக்கு 19, எட்டுக்கு 152. கடைசி ஓரத்துக்கும் சேதாரத்துக்கும் சேர்த்து 175 வாங்குங்கள்.

இனி வாஷர். ஒழுகல் புகார் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. உலோகத் தட்டுக்கு அடியில் கறுப்பு ஈபிடிஎம் ரப்பர் இருக்கும். டிரில்லைச் செங்குத்தாகப் பிடித்து, முனை பர்லினைத் துளைக்கும்வரை சீராக அழுத்துங்கள். மரை பிடித்ததும் அழுத்தத்தைக் குறைத்து மெதுவாக முடுக்குங்கள். ரப்பர் தட்டின் விளிம்புவரை வந்து நின்றால் போதும். வெளியே பிதுங்கினால் அளவு மீறிவிட்டது: அலை மேடு நசுங்கி ஸ்க்ரூவைச் சுற்றிக் குழி விழும், தண்ணீர் அதிலே தேங்கும், ரப்பரும் வெயிலில் சீக்கிரம் வெடிக்கும். வாஷரை விரலால் சுற்ற முடிந்தால் இன்னும் இறுக்க வேண்டும். இம்பாக்ட் டிரைவர் கண் இமைப்பதற்குள் நசுக்கிவிடும். கிளட்ச் உள்ள டிரில்லே புதியவர்களுக்கு ஏற்றது.

ஸ்க்ரூ நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் பர்லினில் மரை போய்விட்டது. சிலிக்கான் பூசி மறைக்க வேண்டாம். 5.5 எம்எம் கனமுள்ள ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு, அதே ஓட்டையில் 6.3 எம்எம் போடுங்கள், பிடித்துக்கொள்ளும்.

அன்றைக்கே இரும்புத் துகள்களை மென்மையான துடைப்பத்தால் கூட்டித் தள்ளுங்கள். ஒரு இரவு ஈரம் பட்டாலே அவை துருப்பிடித்து, புது ஷீட்டின் பெயிண்டில் பழுப்புப் புள்ளிகளாக ஒட்டிக்கொள்ளும்.